சார் என்ற கதிர்வீச்சு அளவைக் காட்டி விலை கூடிய போனை விற்கிறார்கள், கவனம்

போன மாதம் மனைவிக்குப் போன் வாங்கப் போனோம். அவளுக்கு ஏழாம் மாதம். 13,999 ரூபாய் போன் ஒன்றை முடிவு செய்துதான் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரத் தம்பி, "அக்கா, மாசமா இருக்கீங்க, இதுல சார் வேல்யூ 1.1, ரேடியேஷன் ஜாஸ்தி. இந்த இன்னொரு போன்ல 0.6தான்" என்று தன் மொபைலில் ஒரு பக்கத்தைக் காட்டினார். குழந்தை விஷயம் என்றதும் பயந்துவிட்டோம். 19,499 ரூபாய்க்கு அதையே வாங்கினோம். கூடவே கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் என்று 499 ரூபாய்க்கு ஒன்று.

வீட்டில் புதுப் போனில், சார் அளவைக் காட்டும் `*#07#` அழுத்திப் பார்த்தேன். 1.08 என்று வந்தது.

தம்பி காட்டியது ஐரோப்பியக் கணக்கு. சார் என்பது ஒரு கிலோ உடல் திசு எத்தனை வாட் ரேடியோ ஆற்றலை உள்வாங்குகிறது என்ற அளவு. ஐரோப்பாவில் அதை 10 கிராம் திசுவுக்குச் சராசரி எடுப்பார்கள், வரம்பு 2. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் 1 கிராமுக்குச் சராசரி, வரம்பு 1.6. பெரிய துண்டில் சராசரி எடுத்தால் அதிகம் படும் இடத்தின் அளவும் குறைந்துதான் தெரியும். முதலில் முடிவு செய்த போனுக்கு இந்திய எண், புதுப் போனுக்கு ஐரோப்பிய எண் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்களை ஏமாற்றிவிட்டார்கள்.

சரி, இரண்டும் ஒரே கணக்கில் இருந்திருந்தால்? அப்போதும் இதற்காக 5,500 ரூபாய் கூடக் கொடுத்திருக்கத் தேவையில்லை. தலை வடிவப் பொம்மைக்குள் திரவம் நிரப்பி, போனை முழு சக்தியில் ஓடவிட்டு அளக்கிறார்கள். கிடைக்கிற அளவுகளில் மிக உயர்ந்த ஒன்றைத்தான் அறிவிக்கிறார்கள். நம் கையில் இருக்கும் போன் டவர் கேட்கிற அளவுக்குத்தான் சக்தியைக் கூட்டும். சிக்னல் நன்றாக இருந்தால் அந்த உச்சத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாது. 1.1 எண் உள்ள போன், 0.6 எண் உள்ள போனைவிடக் குறைவாகவே வெளியிடலாம். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி.யே, இந்த எண்ணை வைத்துப் போன்களை ஒப்பிடாதீர்கள் என்கிறது. வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. வரம்பிலேயே பெரிய பாதுகாப்பு இடைவெளி விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஸ்டிக்கர்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். அது ஆன்டெனாவை மறைத்தால், சிக்னலைப் பிடிக்கப் போன் இன்னும் அதிக சக்தியில் வேலை செய்யும். வேண்டாம் என்று நினைத்ததைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொள்வது போல. அன்றே உரித்துவிட்டேன்.

கடையில் கேட்டதற்கு, பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். ஸ்டிக்கர் பணமும் வரவில்லை. இப்போது மனைவி வயர் ஹெட்செட்டில் பேசுகிறாள், சிக்னல் ஒரு கோடு மட்டும் இருந்தால் மாடிக்குப் போய்ப் பேசுகிறாள். இந்த இரண்டையும் 13,999 ரூபாய் போனிலேயே செய்திருக்கலாம்.