சுவரில் விரிசல்: அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா பாலிசிகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் பரவலாக விற்கும் எச்.ஓ.-3 வீட்டு பாலிசியில் ‘நில அசைவு’ என்றொரு விலக்கு உண்டு. நிலநடுக்கம், நிலச்சரிவு, நிலம் தாழ்வது எல்லாமே அதில் அடங்கிவிடும். வீடு மண்ணில் அமர்வதால் வரும் விரிசலுக்குத் தனியாக இன்னொரு விலக்கு. நிலச்சரிவுக்குக் காப்பு வேண்டுமென்றால் வேறு பாலிசிதான் வாங்க வேண்டும்.

காரணம் இரண்டு. புதுக் கட்டடம் தன் எடையால் மண்ணை அழுத்திக் கொஞ்சம் இறங்கும் என்பது முன்பே தெரிந்தது, அதை விபத்தாகக் கம்பெனி ஏற்காது. நிலச்சரிவோ ஒரே நாளில் தெருவையே கொண்டுபோகும். அதற்குக் காப்பு கேட்பவர்களும் பெரும்பாலும் மலைச்சரிவில் குடியிருப்பவர்கள்தான், சமவெளிக்காரர் அதற்காகப் பிரீமியம் கட்ட மாட்டார்.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே வெயில் காலத்தில் களிமண் சுருங்கி வீடு இறங்குவது சகஜம் என்பதால், நிலம் தாழ்வதும் சரிவதும் சாதாரண பாலிசியிலேயே வந்துவிடும். முதல் 1,000 பவுண்டை மட்டும் பொதுவாக வீட்டுக்காரர் ஏற்க வேண்டும். ஆனால் புது வீடு அமர்வது அங்கேயும் விலக்குதான்.

நம் ஊரில் 2021 ஏப்ரல் முதல் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு பாலிசி பிரிட்டன் பாணிக்கு நெருக்கமானது. நிலம் தாழ்வது, நிலச்சரிவு, பாறைச் சரிவு மூன்றுக்கும் காப்பு உண்டு. விலக்குப் பட்டியலைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும்: புதுக் கட்டடத்தின் இயல்பான விரிசல், நிரப்பிய மண் இறங்குவது, ஆற்று, கடல் அரிப்பு, மோசமான வடிவமைப்பு அல்லது வேலை, பக்கத்தில் தோண்டியது.

கோத்தகிரிச் சரிவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மலையை வெட்டிய மண்ணையே கீழ்ப்பக்கம் கொட்டி, தடுப்புச் சுவர் கட்டி, பாதி வீடு வெட்டிய தரையிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு, கீழ்ப்பக்க அறையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். மேல்ப்பக்க அறைகளில் ஒன்றுமே இல்லை. இது நிரப்பிய மண் இறங்கியது, கிளைம் நிற்காது. அதே வீட்டில் மேலேயிருந்து மண் சரிந்து பின்சுவரைத் தள்ளியிருந்தால் கிளைம் நிற்கும்.

இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல். மலைச்சரிவே மெதுவாக நகர்கிறது என்றால் வீட்டுக்கு வெளியே தடயம் இருக்கும்: மேட்டில் தரையிலேயே வில் போல நீண்ட வெடிப்பு, சாய்ந்த மரங்கள், பக்கத்து வீட்டுத் தடுப்புச் சுவரிலும் வீக்கம். இன்சூரன்ஸ் சர்வேயர் வருமுன் இதையெல்லாம் தேதியோடு படமெடுத்து வைப்பது, உள் சுவரை மட்டும் படமெடுப்பதைவிடப் பயன்படும்.

பில்டரிடம் வாங்கிய வீடாக, ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும் திட்டமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து புகார் சொன்னால், 30 நாளில் அவர் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்தமாக ஆள் வைத்துக் கட்டியவருக்கு அந்த வழி இல்லை, மண்ணை நிரப்பச் சொன்னதும் பெரும்பாலும் அவரேதான்.