115 ரூபாய்க்கு நிலக்கரி, 5,500 ரூபாய்க்கு மளிகைக் கடை

மதிப்பு முதலீடு, வளர்ச்சி முதலீடு என்று பங்குச் சந்தைக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவதைப் பலரும் கேட்டிருப்பார்கள். மலிவாகக் கிடைப்பதை வாங்குபவர் முதல் கட்சி. வேகமாக வளர்வதை விலை பாராமல் வாங்குபவர் இரண்டாவது கட்சி. இந்த விளக்கம் தவறில்லை, ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு பங்கைக்கூட எடைபோட முடியாது. எனவே இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம்: அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியா, டி-மார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ். இரண்டும் பலருக்குத் தெரிந்தவை, இரண்டின் கணக்கும் பொதுவெளியில் இருக்கிறது. இது எதையும் வாங்கவோ விற்கவோ சொல்லும் பரிந்துரை அல்ல.

முதலில் 2020 அக்டோபருக்குப் போவோம். கோல் இந்தியா பங்கின் விலை அப்போது 115 ரூபாயை ஒட்டி இருந்தது. அதற்கு முந்தைய நிதியாண்டில் நிறுவனத்தின் நிகர லாபம் சுமார் 16,700 கோடி. மொத்தப் பங்குகள் 616 கோடி என்பதால், ஒரு பங்குக்கு 27 ரூபாய் லாபம். விலையை இந்த லாபத்தால் வகுத்தால் வருவதுதான் பி.இ. விகிதம். இங்கே அது நாலே கால் மடங்குதான். அதாவது, லாபம் இதே அளவில் நின்றால், ஐந்து ஆண்டுக்குள் நாம் கொடுத்த விலை முழுவதையும் நிறுவனம் சம்பாதித்துவிடும். லாபத்திலிருந்து பங்குதாரருக்குப் பிரித்துத் தந்த டிவிடெண்டே அந்த ஆண்டு பங்குக்கு 12 ரூபாய். வங்கி வட்டியைவிட அதிகம்.

இதுதான் மதிப்பு முதலீட்டாளரின் கண்ணில் படும் வகை. தொழில் பழையது, வளர்ச்சி மந்தம், பத்திரிகையில் நல்ல செய்தி எதுவும் வராது. ஆனால் இன்றைக்கே லாபம் இருக்கிறது, கையில் காசு இருக்கிறது, விலை மட்டும் அடிமட்டத்தில் கிடக்கிறது. அவர் எதிர்காலத்தைப் பற்றிக் கனவு காண்பதில்லை. அந்தப் பங்கில் சந்தை கண்ட எதிர்காலம் அளவுக்கு மீறி இருண்டது என்று மட்டும் நினைக்கிறார். சூரிய மின்சாரம் வந்து நிலக்கரியை ஒழித்துவிடும் என்ற பேச்சு அப்போது உரக்கக் கேட்டது. அது நடந்தாலும் பத்திருபது ஆண்டு ஆகும், அதற்குள் போட்ட பணம் டிவிடெண்டாகவே திரும்பிவிடும் என்பது அவருடைய கணக்கு.

சரி, மலிவாக இருந்தது எதனால்? இங்கேதான் இந்த வகையின் அபாயம் ஒளிந்திருக்கிறது. கோல் இந்தியா 2010-ல் 245 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அன்றைய நிலவரப்படி நாட்டின் மிகப் பெரிய வெளியீடு அது. அப்போது வாங்கியவர் பத்து ஆண்டு பொறுமையாக வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். டிவிடெண்டாக ஏறக்குறைய 160 ரூபாய் வந்திருக்கும். பங்கின் விலை 115. இரண்டையும் கூட்டினால் 275. பத்து ஆண்டுக்கு 30 ரூபாய் ஆதாயம். அஞ்சலகத்தில் போட்டிருந்தால் பணம் இரட்டித்திருக்கும்.

நிறுவனம் நட்டப்படவில்லை, ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான கோடி லாபம் காட்டியது. சிக்கல், முதலாளி யார் என்பதில் இருந்தது. நிலக்கரியின் பெரும்பகுதி மின்நிலையங்களுக்கு அறிவிக்கப்பட்ட விலையில் போகிறது. அந்த விலையை ஏற்றினால் மின்கட்டணம் ஏறும் என்பதால் அரசுக்கு மனம் வராது. 2018 ஜனவரியில் ஒரு முறை விலையை உயர்த்தினார்கள், அடுத்த உயர்வு 2023-ல்தான். அதோடு அரசுக்குப் பணம் தேவைப்படும்போதெல்லாம் தன் பங்குகளைச் சந்தையில் இறக்கியது. 2015 ஜனவரியில் 358 ரூபாய் அடிப்படை விலையில் பத்து சதவீதப் பங்குகள் வந்தன. இன்னும் வரும் என்று தெரிந்தால் எவர் அதிக விலை கொடுப்பார்? பங்கு லாபம் இடையில் சில ஆண்டு சரிந்தாலும் மறுபடி 27 ரூபாய்க்கு வந்து நிற்க, விலை மட்டும் கரைந்தது. 2015-ல் வாங்கியவரிடம் கேட்டிருந்தால் அவரும் 'அரசு நிறுவனம், நல்ல டிவிடெண்ட், நியாயமான விலை' என்றுதான் சொல்லியிருப்பார். மதிப்புப் பொறி என்று சந்தையில் சொல்வது இதைத்தான். பொறிக்குள் இருப்பவருக்கும் வெளியே காத்திருந்து வாங்குபவருக்கும் முதல் சில ஆண்டுகளில் வித்தியாசமே தெரியாது.

2020-ல் வாங்கியவருக்கு உடனே ஒரு சோதனையும் வந்தது. அந்த நிதியாண்டில் லாபம் பங்குக்கு இருபது ரூபாய்ச் சொச்சமாக இறங்கியது. அதற்கும் அஞ்சாமல் வைத்திருந்தவர் 2025 மார்ச்சில் பார்த்தால், விலை 400-ஐ ஒட்டி நின்றது. இடையில் வந்த டிவிடெண்ட் நூறு ரூபாய்க்கு மேல். பங்கு லாபம் 27-லிருந்து 57 ஆகியிருந்தது. பி.இ. நாலே காலிலிருந்து ஏழு ஆனது. அதாவது விலை மூன்றரை மடங்கு ஆனதில், தொழிலின் பங்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேல், மீதி சந்தையின் மனமாற்றம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: 2022-ல் உக்ரைன் போரால் உலக நிலக்கரி விலை எகிறியது, ஏலத்தில் விற்ற நிலக்கரிக்குக் கொள்ளை விலை கிடைத்தது. 2020-ல் இதை யாரும் கணித்திருக்க முடியாது. மலிவாக வாங்குவதன் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. நல்லது நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் விலையில் இல்லை, நடந்தால் அது இலவசம்.

இனி மறுபக்கம். 2021 அக்டோபரில் டி-மார்ட் பங்கு 5,500 ரூபாயைத் தாண்டியது. அந்த நிதியாண்டின் லாபம் சுமார் 1,490 கோடி, பங்குக்கு 23 ரூபாய். பி.இ. கிட்டத்தட்ட 240. டிவிடெண்ட் ஒரு பைசாகூடக் கிடையாது. நிறுவனம் பட்டியலிடப்பட்டதிலிருந்தே கொடுத்ததில்லை. சம்பாதிப்பதை எல்லாம் அடுத்த கடை கட்டுவதில் போடுகிறது. மதிப்புக் கட்சிக்காரர் இதைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவார்.

வளர்ச்சி முதலீட்டாளர் பார்ப்பது வேறு. டி-மார்ட் பெரும்பாலும் வாடகைக்கு இடம் எடுப்பதில்லை, சொந்தமாகவே வாங்கிக் கட்டுகிறது. வாடகை இல்லாததால் சரக்கை மற்றவரைவிடக் குறைந்த விலைக்கு விற்க முடிகிறது. விலை குறைவு என்பதால் கூட்டம் வருகிறது, சரக்கு வேகமாக நகர்கிறது. இந்தச் சக்கரம் ஒரு கடையில் ஓடினால் நூறு கடையிலும் ஓடும் என்பதே அவர் நம்பிக்கை. 2017 மார்ச்சில் 131 கடைகள், 2022-ல் 284, 2025-ல் 415. நம்பிக்கை வீண்போகவில்லை. லாபமும் 2025-ல் 2,700 கோடியைத் தொட்டது. மூன்றே ஆண்டில் ஆண்டுக்கு 22 சதவீத வளர்ச்சி. இந்தியாவில் இந்த அளவில் இவ்வளவு ஒழுங்காக வளரும் கடைத் தொழில் அரிது.

பங்கின் விலை? 2025 மார்ச் இறுதியில் சுமார் 4,000 ரூபாய்.

நிறுவனம் சொன்னதைச் செய்தது, லாபம் எண்பது சதவீதம் கூடியது, முதலீட்டாளரின் பணத்தில் கால் பங்குக்கு மேல் போனது. மோசடி இல்லை, கடன் சுமை இல்லை. பி.இ. 240-லிருந்து நூறை ஒட்டி இறங்கியது, அவ்வளவுதான். நூறு என்பதும் மலிவு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதை வாங்கும்போதே கண்டுபிடித்திருக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். விலைக்குள் எவ்வளவு வளர்ச்சி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்று தலைகீழாகக் கணக்குப் போட வேண்டும். 5,500 ரூபாய்க்கு வாங்குபவர் ஆண்டுக்கு 12 சதவீதம் எதிர்பார்க்கிறார் என்றால், பத்தாண்டு கழித்து விலை 17,000 ஆக வேண்டும். அப்போது நிறுவனம் முதிர்ந்திருக்கும், பி.இ. 40 கிடைத்தாலே பெரிது. 17,000-ஐ நாற்பதால் வகுத்தால் பங்கு லாபம் 425 ரூபாய். 23 ரூபாய் 425 ஆக வேண்டுமானால் பத்தாண்டும் இடைவிடாமல் ஆண்டுக்கு 34 சதவீதம் வளர வேண்டும். நிலம் வாங்கி, கட்டடம் எழுப்பி, ஊர் ஊராகப் போகும் தொழிலுக்கு இது நடவாத காரியம். நன்றாக நடக்கும் 22 சதவீதமே தோல்வியாகிவிடும் விலை அது.

அந்த அளவு விலையில் சின்னச் சறுக்கலுக்கும் தண்டனை பெரிது. பத்து நிமிடத்தில் வீட்டுக்கே மளிகை கொண்டுவரும் செயலிகளால் பெருநகரக் கடைகளில் பாதிப்பு இருப்பதாக 2024 அக்டோபரில் நிறுவனமே சொன்னது. விற்பனை குறையவில்லை, வளர்ச்சிதான் சற்று மெதுவானது. ஒரே நாளில் பங்கு எட்டு சதவீதத்துக்கு மேல் விழுந்தது. கோல் இந்தியாவின் லாபம் நேரடியாகவே குறைந்த ஆண்டில்கூட பங்கு 115 ரூபாயிலிருந்து ஏறியதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

எனவே என் கணிப்பில், மதிப்பு முதலீட்டாளரின் அபாயம் தொழிலிலும் அதை ஆள்பவரிடமும் இருக்கிறது. வளர்ச்சி முதலீட்டாளரின் அபாயம் அவர் கொடுத்த விலையில் இருக்கிறது. முன்னவர் கவனிக்க வேண்டியது பி.இ. விகிதத்தை அல்ல, வரும் காசு தன் கைக்கு வருமா, வேறு யார் கைக்காவது போகுமா என்பதை. பின்னவர் கவனிக்க வேண்டியது மொத்த விற்பனையை அல்ல. கடை எண்ணிக்கை கூடினால் விற்பனை தானாகக் கூடும். பழைய கடையில், ஒரு சதுர அடியில் எவ்வளவு விற்கிறது என்பதுதான் சக்கரம் இன்னும் ஓடுகிறதா என்று காட்டும். டி-மார்ட்டின் எல்லாக் கடைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சதுர அடி விற்பனை கொரோனாவுக்கு முன் 35,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. பிறகு 2025 வரை அந்த உயரத்துக்கு அது திரும்பவில்லை. இவ்வளவு விலைவாசி ஏறிய பிறகும்.

வளர்ச்சிக்கு அதிக விலை கொடுப்பதே தவறு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. டி-மார்ட் 2017 மார்ச்சில் 299 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அந்த ஆண்டு லாபத்தில் அது ஏறக்குறைய 40 மடங்கு. முதல் நாளே 640-க்குப் போய் முடிந்தது, அதாவது எண்பது மடங்குக்கு மேல். ஒதுக்கீடு கிடைக்காமல் அன்று சந்தையில் 640 கொடுத்து வாங்கியவரைப் பலர் ஏமாளி என்றார்கள். எட்டு ஆண்டு கழித்து அவர் பணம் ஆறு மடங்கு. லாபம் ஐந்தரை மடங்கு வளர்ந்ததால் வந்த பணம் அது. இந்தக் கடையை உருவாக்கிய ராதாகிஷன் தமானி அடிப்படையில் பங்குச் சந்தைக்காரர், மதிப்பு முதலீட்டாளர் என்று பெயரெடுத்தவர் என்பது வேறு கதை.