டிவியையே சென்டர் ஸ்பீக்கராக வைத்திருப்பது: பெருந்துறை வீட்டு ஹாலில் சில வருட அனுபவம்

ஹாலில் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்து, நடுவில் வசனம் வருகிற சென்டர் ஸ்பீக்கர் வைக்க இடமில்லாமல் தவிப்பவர்கள் பலர் உண்டு. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். டிவிக்குக் கீழே மரவேலை செய்த அலமாரி, அதற்கும் டிவிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. சென்டர் ஸ்பீக்கர் உள்ளே போகாது.

ஆரம்பத்தில், ஸ்பீக்கர்களை எல்லாம் இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியான ரிசீவரில், சென்டர் இல்லை என்று பொருள்படும் None வைத்துத்தான் கேட்டோம். அப்போது வசனம் இடது, வலது ஸ்பீக்கர் இரண்டிலும் சமமாகப் பிரிந்து போகும். நேர் நடுவில் உட்கார்ந்தால் பேச்சு திரையில் இருந்தே வருவதுபோல் இருக்கும். ஆனால் அம்மா உட்காருவது இடது ஓரத்து நாற்காலியில். "கண்ணு, மூஞ்சி அங்கெ இருக்குது, பேச்சு இந்தப் பொட்டிக்குள்ள இருந்து வருது" என்பார். பக்கத்து ஸ்பீக்கரின் சத்தம் ஒரு சிறு கணம் முந்தி வந்தாலே காது அந்தத் திசையையே பிடித்துக்கொள்ளும். ஒரே ஒருவர் பார்க்கிற வீட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் ஹாலுக்கு சென்டர் அவசியம்.

சரி, டிவி ஸ்பீக்கரையே சென்டராக்க முடியுமா? எல்லா டிவியிலும் முடியாது. HDMI ஒயரிலேயே டிவி சத்தத்தைத் திருப்பி அனுப்பும் ARC வழியாக ரிசீவருக்குச் சத்தம் அனுப்பிவிட்டு டிவி ஸ்பீக்கரையும் சேர்த்து ஓடவிட்டால், டிவியில் வருவது சென்டர் சேனல் அல்ல. மொத்தப் படத்தின் சத்தமும் அதில் வரும். அதுவும் ரிசீவரோடு நேரம் பொருந்தாமல் எதிரொலி மாதிரி கேட்கும். சாம்சங்கின் Q-Symphony, எல்ஜியின் WOW Orchestra இரண்டும் அந்தந்த கம்பெனி சவுண்ட்பாருடன் சேர்வதற்கானவை. வேறு ரிசீவரை வைத்திருப்பவர்களுக்கு அவை உதவாது.

தேவைப்படுவது, சென்டர் சத்தத்தை மட்டும் வெளியே இருந்து வாங்கிக்கொள்ளும் உள்வழி. 2018இல் வந்த சோனி A9F டிவியின் பின்னால் அதற்கென்றே ஸ்பீக்கர் ஒயர் செருகும் முனைகள் இருந்தன. ரிசீவரின் சென்டர் முனையில் இருந்து சாதாரண ஸ்பீக்கர் ஒயரை நேராக அதில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். இந்த முனை உள்ள டிவி என்றால் எந்த கம்பெனி ரிசீவரும் போதும். பின்னால் வந்த சில டிவிகளில் இதற்குப் பதில் சின்ன 3.5 மிமீ ஓட்டை இருக்கும். அது வேறு சங்கதி. ரிசீவரின் ஸ்பீக்கர் முனையில் ஆம்ப்ளிஃபயரின் முழு பலம் வரும். அதை அந்தச் சின்ன ஓட்டையிலோ ஹெட்ஃபோன் ஓட்டையிலோ செருகினால் டிவி போர்டு போய்விடும்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒயர் முனை உள்ள டிவி. ஒயரை இழுத்துச் செருகி, டிவி செட்டிங்கில் Speakers என்பதை Audio system என்று மாற்றி, TV center speaker mode என்பதை இயக்கினால் இணைப்பு வேலை முடிந்தது. அப்புறம் ரிசீவரின் மைக் வைத்து ஸ்பீக்கர்களின் தூரத்தையும் சத்தத்தையும் அளப்பதற்கு முன்னால், டிவியில் குரலைத் தூக்கிக் காட்டுவது, சத்தத்தைத் தானே சமன் செய்வது போன்றவற்றை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மைக் ஒன்றை அளக்கும், படம் பார்க்கும்போது வேறொன்று கேட்கும்.

இதில் எல்லோரும் தடுமாறும் இடம் தூரக் கணக்கு. எங்கள் சோபாவில் இருந்து டிவி 3 மீட்டர். அளந்து முடித்ததும் ரிசீவர் இடது, வலதுக்குச் சுமார் 3 மீட்டர் என்றது. சென்டருக்கு 5 மீட்டருக்கு மேல் காட்டியது. பொருத்த வந்த தம்பி, "அண்ணா, டேப்ல மூணுதானுங்க வருது, மெஷின் தப்பாச் சொல்லுது" என்று 3 என மாற்றிவைத்துவிட்டுப் போனார்.

ரிசீவர் சொன்னதுதான் சரி. ரிசீவர் உண்மையில் அளப்பது தூரத்தை அல்ல, சத்தம் வந்து சேர ஆகும் நேரத்தை. டிவிக்குள் போகும் சத்தம் டிஜிட்டலாக மாறி, பக்குவப்பட்டு, அப்புறம்தான் வெளியே வருகிறது. அந்தத் தாமதத்தையும் தூரமாகவே கணக்கில் சேர்க்கிறது. ஒரு மில்லிசெகண்டில் ஒலி சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆகவே கூடுதலாகக் காட்டிய 2 மீட்டர் என்பது ஏறக்குறைய 6 மில்லிசெகண்ட். சென்டர் தொலைவில் இருப்பதாக எண்ணி, மற்ற ஸ்பீக்கர்களை அந்த அளவுக்கு ரிசீவர் நிறுத்திவைத்து விடுகிறது. எல்லாம் ஒன்றாகக் காதுக்கு வந்து சேர்கின்றன. உதட்டசைவுக்கும் பேச்சுக்கும் இதனால் எந்த வித்தியாசமும் தெரியாது.

எந்த எண் சரி என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஒருவர் மட்டும் பேசும் செய்தியை ஓடவிட்டு, ரிசீவரில் Multi Ch Stereo வைத்தால் மூன்று முன் ஸ்பீக்கரிலும் ஒரே குரல் வரும். 3 மீட்டரில் வைத்தபோது வாசிப்பவர் குழாய்க்குள் இருந்து பேசுவதுபோல் உள்ளீடற்ற குரலாகக் கேட்டது. பழைய எண்ணுக்குத் திருப்பியதும் குரல் கெட்டியாகிவிட்டது. அன்றிலிருந்து அதைத் தொடவில்லை.

இன்னொன்று கிராஸ்ஓவர், அதாவது எந்த எல்லைக்குக் கீழே உள்ள கனத்த சத்தத்தை சப்வூஃபருக்கு அனுப்புவது என்பது. ரிசீவர் டிவியைக் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கராகவே எண்ணி 60 ஹெர்ட்ஸ் வைத்தது. டிவியின் சின்ன ஸ்பீக்கருக்கு அது அதிகச் சுமை. சத்தத்தைக் கூட்டும்போது பின்னணி இசை ஏறிக்கொண்டே போகும், வசனம் மட்டும் ஓரிடத்தில் நின்றுவிடும். 100க்கு உயர்த்தினேன், பிறகு 120. கனமான பகுதியை சப்வூஃபர் எடுத்துக்கொண்டது, பேச்சு தெளிந்தது. இன்னும் ஏற்றி 150 வைத்தால், கனத்த ஆண் குரலின் அடிப்பகுதி மூலையில் இருக்கும் சப்வூஃபரில் இருந்து வருவது தெரிய ஆரம்பிக்கிறது. எங்களுக்கு 120 தான் பொருத்தம். அப்படியும் தியேட்டர் சத்தத்துக்கு டிவி ஈடுகொடுக்காது. ராத்திரி வீட்டு அளவில் பார்ப்பவர்களுக்குக் குறை தெரியாது.

இவ்வளவு நாள் கேட்டதில் மனம் நிறைந்தது குரல் இருக்கும் இடம்தான். கீழே வைக்கும் சென்டரில் பேச்சு முட்டிக்கால் உயரத்தில் இருந்து வரும். இங்கே முகத்தில் இருந்தே வருகிறது, அம்மாவின் ஓர நாற்காலிக்கும் சேர்த்து. மனம் நிறையாதது, பக்க ஸ்பீக்கரோடு ஒத்துப்போகாத ஒலியின் சாயல். ஒரு வண்டி இடமிருந்து வலமாகப் போனால், நடுவே கடக்கும்போது இன்ஜின் சத்தம் மெலிந்து, மறுபடி தடிக்கும். ரிசீவரின் ஈக்வலைசர் இதைக் குறைக்கும், முழுசாக மறைக்காது.

பாட்டு கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விடியற்காலை அம்மா டிவியைப் போடாமல் போன் வழியாக ரிசீவரில் பக்திப் பாட்டு வைப்பார். ஒருநாள் மிருதங்கமும் வயலினும் வருகின்றன, பாடுபவர் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் கேட்கிறது. முந்தைய ராத்திரி படத்துக்கு ரிசீவரில் வைத்த Dolby Surround என்ற ஒலி முறை அப்படியே இருந்திருக்கிறது. அது நடுவில் வரும் குரலைப் பிரித்து சென்டருக்கு அனுப்பும். சென்டரோ அணைந்துகிடக்கும் டிவி. Stereo பொத்தானை அழுத்தினால் குரல் இரண்டு பக்கமும் வந்துவிடும். ரிமோட்டில் அந்தப் பொத்தானில் சிவப்புப் பொட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

சென்டர் வைக்க இடம் இருக்கிறவர்கள், பக்க ஸ்பீக்கரோடு ஒரே வரிசையில் வந்த சென்டரையே வாங்குங்கள். இடமே இல்லை, முனை உள்ள டிவி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால் ஒயர் செலவு மட்டும்தான், தாராளமாகச் செய்யலாம். இதற்காகவே பழைய டிவி வாங்கப் போகிறவர்கள், பின்பக்க மூடியைக் கழற்றி அந்த ஒயர் முனைகளைக் கண்ணால் பார்த்து, ஒரு ரிசீவரோடு சேர்த்துக் குரல் வருகிறதா என்று கேட்ட பிறகு பணம் கொடுங்கள்.