மூன்று வருடமாக வைத்திருக்கும் மெழுகு அச்சு செட்: அந்தக் கோளத்தைப் பற்றிக் கொஞ்சம்

டியூஷன் எடுக்கும் நண்பர் ஒருவர் நேற்று போன் செய்து, உருளை, கூம்பு, கோளம் மூன்றும் சேர்ந்து வரும் பிளாஸ்டிக் மெழுகுவர்த்தி அச்சு செட்டை வாங்கலாமா என்று கேட்டார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உருக்கி வார்க்கும் கணக்கைக் காட்ட நான் வைத்திருப்பது அதுதான்.

கூம்பைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் நிரப்பி உருளையில் ஊற்றினால் சரியாக மூன்றாவது முறை விளிம்பு தொடும், அப்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். பெட்டியில் போட்டிருப்பது மூன்றுக்கும் விட்டம் 6 செ.மீ., உருளைக்கும் கூம்புக்கும் உயரமும் 6. கன அளவு உருளைக்கு 54π, கோளத்துக்கு 36π, கூம்புக்கு 18π. ஆக ஓர் உருளையை உருக்கினால் ஒரு கோளமும் ஒரு கூம்பும் மிச்சமில்லாமல் வர வேண்டும். மெழுகு ஒரு கன செ.மீ.க்கு சுமார் 0.9 கிராம் என்பதால், 153 கிராம் உருளை 102 கிராம் கோளமாகவும் 51 கிராம் கூம்பாகவும் பிரியும்.

எனக்குக் கோளத்தில்தான் மிச்சம் விழுந்தது. முதலில் சூட்டின் மேல் பழி போட்டேன். உருகிய மெழுகு இடம் அதிகம் பிடிக்கும், அதனால் இரண்டு அச்சும் நிரம்பிய பிறகும் பாத்திரத்தில் கொஞ்சம் நிற்கும். ஆறும்போது ஊற்றிய வாயில் குழி விழும், அந்த மிச்சத்தைச் சூடாக வைத்திருந்து இரண்டு மூன்று தடவை குழியில் ஊற்றினால் தீர்ந்துவிடும். 'உருக்கினால் கன அளவு மாறாது' என்று புத்தகம் சொல்வது கெட்டியான மெழுகுக்கும் மறுபடி கெட்டியான மெழுகுக்கும் நடுவில்தான், நடுவே திரவமாக இருக்கும்போது அது பொருந்தாது. இதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தது எனக்கு எதிர்பாராத சந்தோஷம்.

ஆனால் குழியெல்லாம் நிரப்பிய பிறகும் 8 கிராம் மிஞ்சியது. பாத்திரத்தில் ஒட்டிய சேதாரம் 2 கிராம். அப்படியென்றால் கோளம் 10 கிராம் குறைவு! எடை போட்டால் 92 தான். அச்சில் தண்ணீர் நிரப்பி சமையல் தராசில் வைத்தேன், 113 கிராம் காட்ட வேண்டியது 102 காட்டியது. அப்புறம்தான் புரிந்தது, கோளத்துக்கு மட்டும் வெளி விட்டத்தைப் போட்டிருக்கிறார்கள். சுவர் 1 மி.மீ. தடிமன், உள்விட்டம் 5.8. விட்டத்தில் முப்பதில் ஒரு பங்குதான் குறைகிறது, ஆனால் கன அளவில் அது மூன்று தடவை பெருக்கப்படுவதால் ஏறக்குறைய 10 சதவீதம் போய்விடுகிறது. இரண்டு மில்லிமீட்டர் தானே என்று விட முடியாது. கணக்கு சொல்லித்தரும் பொருளில் அளவைத் தப்பாகப் போடுவது எனக்கு ஆறவே இல்லை.

இப்போது ஒவ்வொரு புது பேட்சுக்கும் அந்தக் கோளத்தைக் கையில் கொடுத்து, காணாமல் போன 10 கிராம் எங்கே என்று தேடச் சொல்கிறேன். ஆரத்துக்கும் விட்டத்துக்கும் குழம்புகிற பிள்ளைகூட அன்றைக்குப் பிறகு குழம்புவதில்லை. இவ்வளவு இருந்தும் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன்.