ஆப்ல லாகின் ஈமெயிலை மாத்தணும், ஆனா காசு குடுத்து வாங்கினது போகக்கூடாது: நாலு வழில எது தேறும்?

என் தங்கச்சிக்கு காலேஜ் முடியப்போகுது, காலேஜ்ல குடுத்த மெயில் ஐடியை மே கடைசியோட மூடிடுவாங்கன்னு சொல்லிட்டாங்க. அவ கீபோர்டு கத்துக்கிற ஒரு ஆப்ல அந்த மெயிலை வச்சுதான் ரெண்டு வருஷம் முன்னாடி கணக்கு தொறந்தா. அதுல அவ மூணு விதமா காசு போட்டிருக்கா. வருஷ சந்தாவை ப்ளே ஸ்டோர் வழியா எடுத்தா, ஒரு கோர்ஸை அந்த ஆப்போட வெப்சைட்ல யுபிஐ போட்டு வாங்கினா, அப்புறம் ஆப்புக்குள்ளயே காயின் பேக் வாங்கி அதுல 180 காயின் மிச்சம் வச்சிருந்தா. இந்த மூணும் ஒரே ஆப்ல இருந்தாலும் ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு இல்ல, அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க.

ஆப்போட சர்வர்ல உங்களை மெயில் ஐடியா ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க, பெரும்பாலும் ஒரு யூசர் ஐடி நம்பர் இருக்கும். மெயில்ங்கறது அந்த நம்பர் பக்கத்துல எழுதி வச்ச ஒரு விவரம்தான், நீங்க வாங்கினதெல்லாம் அந்த நம்பர்லதான் கட்டி வச்சிருக்கும். அதனால மெயிலை மட்டும் மாத்தினா நம்பர் அப்படியே இருக்கும், பொருளும் அப்படியே இருக்கும். புது மெயில்ல புதுசா ஸைன் அப் பண்ணா புது நம்பர், காலி வீடு. நிறைய ஆப்ல செட்டிங்ஸ்ல கடைசிலயோ ப்ரொஃபைல் பக்கத்துலயோ இந்த யூசர் ஐடி சின்ன எழுத்துல இருக்கும், இருந்தா எதைத் தொடறதுக்கு முன்னாடியும் அதை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. மாத்தின பிறகு அதே நம்பர் வந்தா நீங்க மெயிலைத்தான் மாத்தியிருக்கீங்க, வேற நம்பர் வந்தா புதுக் கணக்கு தொறந்துட்டீங்கன்னு அர்த்தம். இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

முதல் வழி, ஆப் செட்டிங்ஸ்ல போயி மெயிலை மாத்தறது. நான் எப்பவும் இதுக்குத்தான் ஓட்டு போடுவேன். பாஸ்வேர்டு கேக்கும், புது மெயிலுக்கு ஒரு கோடு வரும், போட்டா முடிஞ்சுது. ஆனா சில ஆப் பழைய மெயிலுக்கும் ஒரு கோடு அனுப்பி, நிஜமா நீங்கதானான்னு கேக்கும், அதனாலதான் பழைய மெயில்பாக்ஸ் உயிரோட இருக்கும்போதே இதைச் செஞ்சுடணும். காலேஜ் மெயில், வேலை பாத்த கம்பெனி மெயில் வச்சிருக்கவங்க கடைசி நாள் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. கூகுள் பட்டனை அமுக்கி உள்ள வந்தவங்களுக்கு கொஞ்சம் வேற கதை, அங்க நிறைய ஆப்ல மெயில் மாத்துற இடமே இருக்காது. கூகுள் குடுக்குற ஒரு உள் நம்பரை வச்சுதான் ஆப் உங்களை அடையாளம் கண்டுக்குது. அப்படி இருந்தா மொதல்ல அந்தக் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு வச்சுக்க வழி இருக்கான்னு பாருங்க, "Forgot password" அமுக்கினாலே சில ஆப்ல அது நடந்துடும், அப்புறம் மெயிலை மாத்தலாம்.

ரெண்டாவது வழி, புது மெயில்ல புதுக் கணக்கு தொறந்து "Restore purchases" அமுக்கறது. என் தங்கச்சி யார்கிட்டயும் கேக்காம இதைத்தான் பண்ணிட்டா. சந்தா வந்துடுச்சு, அவளுக்கு ஒரே சந்தோஷம், அப்புறம் பாத்தா கோர்ஸ் இல்ல, 180 காயினும் இல்ல. ஏன்னா ரீஸ்டோர் பட்டன் ஆப்போட சர்வரைக் கேக்கறது இல்ல, ப்ளே ஸ்டோரைத்தான் கேக்குது: இந்த போன்ல இருக்கிற கூகுள் கணக்கு இந்த ஆப்ல என்ன வாங்கியிருக்குன்னு. சந்தா ப்ளே ஸ்டோர்ல இருக்கு, அதனால அது வந்துச்சு. வெப்சைட்ல யுபிஐ போட்டு வாங்கின கோர்ஸைப் பத்தி ப்ளே ஸ்டோருக்கு ஒண்ணுமே தெரியாது, அது பழைய யூசர் ஐடில மட்டும்தான் இருக்கு. காயின் மாதிரி செலவாகுற சாமானை வாங்கின உடனே தீர்ந்துபோச்சுன்னு ஸ்டோர்கிட்ட ஆப்பே சொல்லிடும், இல்லன்னா அடுத்த தடவை அதையே வாங்க முடியாது, அதனால ஸ்டோர்ல கேட்டாலும் அது வராது. எத்தனை காயின் மிச்சம்ங்கற கணக்கு ஆப் சர்வர்கிட்டதான் இருக்கு. ஐபோன்லயும் இதே கதைதான், சந்தாவும் ஒரே தடவை வாங்கி நிரந்தரமா வச்சுக்குற சாமானும் திரும்ப வரும், காயின் வராது.

இன்னொரு சிக்கல், புதுக் கணக்குல சந்தா வந்ததும் பழைய கணக்குல இருந்து அது காணாமப் போச்சு. சில ஆப் இப்படி நகர்த்திக் குடுக்கும், சில ஆப் இந்தச் சந்தா வேற கணக்கோட இணைஞ்சிருக்குன்னு சொல்லி நிறுத்திடும். ஆப் செஞ்சவங்க எப்படி செட் பண்ணியிருக்காங்களோ அப்படித்தான், நாம முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இல்ல. அதனால ரீஸ்டோரை நம்பி இறங்கணும்னா, வாங்கினது எல்லாமே ஸ்டோர் வழியா வாங்கினதா இருக்கணும், காயின் பாக்கியும் முன்னேற்றக் கணக்கும் போனாப் போகட்டும்னு இருக்கணும். அப்படிப்பட்டவங்களுக்கு இது மோசமில்ல, அஞ்சு நிமிஷத்துல முடியுது.

தங்கச்சி கணக்கை எப்படி சரி பண்ணோம்னு சொல்றேன், ஏன்னா இதே குழப்பத்துல நிறைய பேர் நிக்கிறாங்க. காலேஜ் மெயில்ல உள்ள போயி ஜிமெயிலுக்கு மாத்தலாம்னு பாத்தா, இந்த மெயில் ஏற்கனவே பயன்பாட்டுல இருக்குன்னு சொல்லிடுச்சு. அவளே புதுசா தொறந்த காலிக் கணக்குதான் அந்த ஜிமெயிலைப் பிடிச்சு வச்சிருக்கு. உடனே அதை டெலீட் பண்ணிடலாம்னு அவ சொன்னா, நான் வேண்டாம்னுட்டேன். நிறைய ஆப்ல டெலீட் அமுக்கினாலும் கொஞ்ச நாளைக்கு அந்த மெயிலை விடுவிக்க மாட்டாங்க, மனசு மாறி வந்தா திருப்பிக் குடுக்கறதுக்குன்னு வச்சிருப்பாங்க, மே கடைசிக்குள்ள எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்ல. அதோட சந்தா இப்ப அந்தக் கணக்குலதான் உக்காந்திருக்கு.

அதுக்குப் பதிலா காலிக் கணக்குல உள்ள போயி அதோட மெயிலை மாத்தினோம். ஜிமெயில்ல @ குறிக்கு முன்னாடி ஒரு ப்ளஸ் போட்டு என்ன எழுதினாலும் அதே இன்பாக்ஸுக்குத்தான் வரும், இது மாதிரி:

```
name+old@gmail.com
```

ஆப்புக்கு இது வேற மெயில், நமக்கு அதே பெட்டி. கோடு வந்துச்சு, போட்டோம், அசல் ஜிமெயில் விடுதலை ஆயிடுச்சு. சில ஆப் ப்ளஸ் குறியை ஏத்துக்காது, அப்ப வீட்ல வேற யாரோட மெயிலையாவது அவங்ககிட்ட கேட்டுட்டு வச்சுக்கலாம். அடுத்து லாக் அவுட், காலேஜ் மெயில்ல லாகின், யூசர் ஐடி ஸ்க்ரீன்ஷாட், காயின் 180 இருக்கு, கோர்ஸ் இருக்கு, சந்தா இல்ல. இப்ப இந்தக் கணக்குல நின்னுக்கிட்டு ரீஸ்டோர் அமுக்கினோம், சந்தா திரும்பி வந்துச்சு. அதுக்கப்புறம்தான் மெயிலை ஜிமெயிலுக்கு மாத்தினது. லாக் அவுட் பண்ணி புது மெயில்ல உள்ள போனா அதே யூசர் ஐடி, மூணும் இருக்கு. உள்ள போகும்போது மெயிலும் பாஸ்வேர்டும் அடிச்சுதான் போனோம், கூகுள் பட்டனை அமுக்கல. சில ஆப்ல அந்த பட்டன் அதே மெயிலா இருந்தாலும் தனியா ஒரு கணக்கைத் தொறந்து வச்சிடும், அப்புறம் மறுபடி மொதல்ல இருந்து வரணும்.

மூணாவது வழி சப்போர்ட்டுக்கு எழுதறது. பழைய மெயில்பாக்ஸ் ஏற்கனவே மூடியாச்சு, பாஸ்வேர்டும் மறந்துபோச்சுன்னா இது ஒண்ணுதான் இருக்கு. மெதுவாத்தான் நடக்கும், ஆனா என்ன அனுப்பறீங்கங்கறதுலதான் பாதி வேலை. ப்ளே ஸ்டோர்ல வாங்கினதுக்கு கூகுள் அனுப்பின ரசீதுல `GPA.` னு ஆரம்பிக்கிற ஆர்டர் நம்பர் இருக்கும், அதை அனுப்புங்க. வெப்சைட்ல யுபிஐ போட்டிருந்தா, யுபிஐ ஆப்போட ஹிஸ்டரில அந்தப் பணம் போன இடத்தைத் தொட்டா 12 இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும், அது வேணும். பழைய யூசர் ஐடி, பழைய மெயில், புது மெயில், வாங்கின தேதி, அவ்வளவு போதும். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யார் கேட்டாலும் அனுப்பாதீங்க. வெப்சைட் ரசீது பழைய மெயிலுக்குத்தான் வந்திருக்கும்ங்கறதால மூடறதுக்கு முன்னாடியே அதையெல்லாம் புது மெயிலுக்கு ஃபார்வேர்டு பண்ணி வச்சுடுங்க. ரெண்டு கணக்கை ஒண்ணா சேத்துக் குடுங்கன்னு கேக்காதீங்க, நிறைய இடத்துல அது முடியாதுன்னு பதில் வந்துடும், பழைய கணக்குல மெயிலை மட்டும் மாத்திக் குடுங்கன்னு கேளுங்க, அது அவங்களுக்கும் சின்ன வேலை.

நாலாவது, எதையும் மாத்தாம பழைய மெயிலுக்கு வர்றதை புது மெயிலுக்கு ஃபார்வேர்டு போட்டு விடறது. பழைய மெயில் உங்க சொந்த ஜிமெயிலா இருந்தா இது தாராளமா போதும், அந்தப் பேரு புடிக்கலங்கறது மட்டும்தான் பிரச்சனைன்னா எதையும் தொடாதீங்க. காலேஜ், ஆபீஸ் மெயிலுக்கு இது ஒத்து வராது, பெட்டியை மூடினதும் ஃபார்வேர்டும் சேந்து போயிடும்.

இதுல ஒண்ணைத் தனியா சொல்லணும். தங்கச்சிக்கு அதிர்ஷ்டம், அவ போன்ல ப்ளே ஸ்டோர் ஓடினது அவ சொந்த ஜிமெயில்ல, காலேஜ் மெயில் ஆப் லாகினுக்கு மட்டும்தான். ப்ளே ஸ்டோர் கணக்கே காலேஜ் மெயிலா இருந்தா ஆப்ல மெயிலை மாத்தினாலும் சந்தா அந்தக் காலேஜ் கணக்கோடதான் நிக்கும், ஒரு கூகுள் கணக்குல வாங்கினதை இன்னொரு கூகுள் கணக்குக்கு நகர்த்த முடியாது. ப்ளே ஸ்டோர்ல ப்ரொஃபைல் படத்தைத் தொட்டு "Payments & subscriptions" போனா எந்த மெயில்ல இருக்கீங்கன்னும் சந்தா எப்ப முடியுதுன்னும் தெரியும். அப்படி மாட்டினவங்க சந்தாவை நிறுத்திட்டு, கட்டின காலம் முடியற வரைக்கும் ஓட்டி, புதுக் கூகுள் கணக்குல புதுசா எடுக்கறதுதான் ஒழுங்கான வழி. ஐபோன்காரங்களுக்கு கொஞ்சம் சுலபம், ஆப்பிள் கணக்கோட மெயிலையே மாத்திக்கலாம், வாங்கினது அப்படியே இருக்கும், புது மெயில் வேற ஆப்பிள் கணக்குல இல்லாம இருந்தா போதும். ரெண்டு ஆப்பிள் கணக்கு வச்சிருக்கவங்களுக்காக ஒண்ணுல வாங்கினதை இன்னொண்ணுக்கு நகர்த்துற வசதியை 2025ல ஆப்பிள் கொண்டு வந்துச்சு, ஆனா வந்தப்போ இந்தியாவுக்குக் குடுக்கல.

அப்புறம் அந்தக் காலிக் கணக்கு. அடுத்த தடவை சந்தா புதுப்பிச்சு பணம் போனதும், சந்தா பழைய யூசர் ஐடிலயே நிக்குதான்னு பாத்துட்டுதான் அதை டெலீட் பண்ணணும்னு தங்கச்சிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். கணக்கை டெலீட் பண்றதால சந்தா நிக்காது, ஸ்டோர்ல போயி தனியா நிறுத்தற வரைக்கும் பணம் போய்க்கிட்டேதான் இருக்கும்.