கேன்சல் பண்ணச் சொல்லி மெயில் போட்டதில் போனது ரூ.7,945

நேற்று மத்தியானம் சேலம் ஐந்து ரோட்டில் வங்கியை விட்டு வெளியே வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்ன கொலுசுப் பட்டறை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடிக்க, கொலுசு போட்டோவின் பின்னணியை எடுத்துவிட்டு வெள்ளையாக்கித் தரும் வெளிநாட்டு வெப்சைட் ஒன்றைப் பிடித்தேன். 99 ரூபாய் கட்டினால் ஏழு நாள் பயன்படுத்தலாம். கார்டு நம்பர் கேட்டபோது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. ஆனால் பக்கத்திலேயே நல்ல தமிழில் “எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்” என்று போட்டிருந்தான். தமிழைப் பார்த்ததும் நம்ம ஆள் மாதிரி தோன்றிவிட்டது. 99 ரூபாய்க்கு ஓடிபி வந்தது, போட்டேன். மாதாமாதம் எடுத்துக்கொள் என்று எந்த இடத்திலும் நான் சம்மதம் கொடுக்கவில்லை.

ஏழாம் நாள் கழித்து 3,960 ரூபாய் போனதாக வங்கி மெசேஜ். ஓடிபி இல்லை. முந்தின நாளே வரவேண்டிய “நாளை இவ்வளவு பிடிக்கப்படும்” என்ற அறிவிப்பும் இல்லை. நான் என்ன செய்தேன்? அந்த வெப்சைட்டுக்கே “என் சந்தாவைக் கேன்சல் செய்யவும்” என்று மெயில் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் பதில்: “ரத்து செய்யப்பட்டது, நன்றி.” நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த மாதம் 3,985. மறுபடி மெயில். “48 மணி நேரம் பொறுங்கள்.” பிறகு, “எங்கள் பதிவில் உங்கள் பெயரில் சந்தாவே இல்லை.” சந்தா இல்லையென்றால் காசு எப்படிடா போகுது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. நேற்று காலை மூன்றாவதாக 3,995. மொத்தம் 11,940. அப்போதுதான் ஸ்டேட்மென்ட்டை ஒழுங்காகப் பார்த்தேன். மூன்றிலும் இருப்பது அந்த வெப்சைட் பெயரே இல்லை, வேறு ஏதோ கம்பெனி. தொகை மாதாமாதம் கொஞ்சம் மாறியதும் டாலரில் எடுத்ததால்தான்.

வங்கியில் இருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: “முதல் தடவை போனப்பவே எங்ககிட்ட ஏன் சார் சொல்லல?”

“கேன்சல் பண்ணச் சொல்லிட்டேனே மேடம்.”

“அது அவங்ககிட்ட சொன்னது. எங்க கணக்குல நீங்க இன்னைக்குத்தான் புகார் கொடுக்கறீங்க.”

விஷயமே இதுதான். கேன்சல் என்பது கடைக்காரனிடம் “இனி வேண்டாம்” என்பது. நாம் ஓடிபியோ யுபிஐ பின்னோ போட்டு ஆட்டோபே கொடுத்திருந்தால் அதுதான் சரியான வழி. கடைக்காரனின் ஆப்பிலும் நிறுத்தி, மாதாமாதம் பிடிக்க நாம் கொடுத்த அனுமதியான மேன்டேட்டையும் வங்கி ஆப்பிலோ யுபிஐ ஆப்பிலோ ரத்து செய்ய வேண்டும். அதைப் போய் மோசடி என்று புகார் கொடுத்தால் நிற்காது, நாம் சம்மதித்த பதிவு அவர்களிடம் இருக்கும். சம்மதிக்காமல் போன காசு வேறு கணக்கு. அதை வங்கியிடம் “நான் அனுமதிக்காத பரிவர்த்தனை” என்று சொன்னால்தான் கடிகாரம் நம் பக்கம் ஓடும்.

ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, தப்பு நம்முடையதும் இல்லாமல் வங்கியுடையதும் இல்லாமல் நடுவில் நடந்திருந்தால், மெசேஜ் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை நம் தலையில். கேட்க வரம்பு மாதிரி இருக்கிறது. போனதே 3,960 என்றால் முழுசும் நம் நஷ்டம்தானே! ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

என் கணக்கில் பார்த்தால், நேற்றைய 3,995 மட்டும் பத்து வேலை நாளுக்குள் தற்காலிக வரவாக வரும் என்றார் வங்கி அம்மா. முதல் இரண்டும் காலம் கடந்தவை. 7,945 ரூபாய்!

இன்னொரு குத்தும் உண்டு. புகார்ப் படிவத்தோடு என் மெயில்களைப் பெருமையாக நீட்டினேன். அந்த அம்மா “என் சந்தாவை” என்ற வார்த்தையில் விரலை வைத்தார். “இதைக் காட்டியே அவங்க, இவரே சந்தாதாரர்னு சொல்லுவாங்க சார்.” என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பட்டறையில் ஆள் காத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு இது: பெயர் தெரியாத டெபிட் வந்தால் முதலில் கார்டை பிளாக் பண்ணுங்கள், அன்றைக்கே வங்கியில் புகார் எண் வாங்குங்கள், சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் போன் போடுங்கள். கடைக்காரனுக்கு எழுதினால் “நான் அனுமதிக்கவில்லை” என்று மட்டும் எழுதுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் அணைத்து வையுங்கள், நான் நேற்றுதான் அணைத்தேன்.

அந்த 7,945-க்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். 30 நாளில் ஒழுங்கான பதில் இல்லையென்றால் cms.rbi.org.in-ல், வங்கி மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனுக்குப் போடுவேன்.