சிப்ஸ், டோஸ்ட், முறுக்கு: போட்டோல இருக்குற நிறத்த எதுல நம்பலாம்?

சாப்பாட்டு போட்டோல கருகுன மாதிரி சிவந்த எதப் பாத்தாலும் "ஐயோ அக்ரிலமைடு"ன்னு கமெண்ட் போடுறாங்க. பொரிக்கும்போதும் வறுக்கும்போதும் உருவாகுற, கேன்சர் வருமோன்னு சந்தேகப்படுற ஒரு ரசாயனம் அது, ஆனா அந்த பயம் எல்லா பண்டத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தாது.

இதுல மோசமான ஆளு உருளைக்கிழங்கு சிப்ஸ்தான். கிழங்குல அஸ்பரஜின்னு ஒரு அமினோ அமிலம் தாராளமா இருக்கு, அது குளுக்கோஸ் மாதிரி சர்க்கரையோட 120 டிகிரிக்கு மேல சேரும்போது நிறமும் வருது, கூடவே அக்ரிலமைடும் வருது. இதுல கடிவாளம் சர்க்கரை கையில. கிழங்க பிரிட்ஜ்ல வச்சா குளிர்ல மாவுச்சத்து சர்க்கரையா மாறிடும், அதனால ஒரே எண்ணெய், ஒரே நேரம்னாலும் கூடைல கிடந்த கிழங்கு பொன்னிறமா வரும், பிரிட்ஜ் கிழங்கு திட்டுத்திட்டா பழுப்பாயிடும். அப்ப ஒரே தட்டுல இருக்குற சிப்ஸ்ல எது கருப்போ அதுல அக்ரிலமைடு அதிகம்னு ஓரளவு தைரியமா சொல்லலாம். சீவி ஒரு அரை மணி நேரம் தண்ணில போட்டு, துடைச்சு, எண்ணெய் 175 டிகிரி தாண்டாம பொரிச்சா குறையும். சலசலப்பு அடங்குறப்ப கவனமா இருங்க, உள்ள இருந்த தண்ணி போயிடுச்சு, இனிமே சிப்ஸோட சூடு சட்டுனு ஏறும், கடைசி அரை நிமிஷத்துலதான் நிறமும் அக்ரிலமைடும் எகிறும்.

டோஸ்ட் கொஞ்சம் சாது. ஐரோப்பிய யூனியன் 2017ல வச்ச அளவுகோல் சிப்ஸுக்கு கிலோவுக்கு 750 மைக்ரோகிராம், சாதா கோதுமை பிரெட்டுக்கு 50தான் (டோஸ்ட் பண்றதுக்கு முன்னாடி). டோஸ்ட் பண்ணா ஏறும், ஆனா பெரும்பாலும் மேல்பரப்புலதான், நிறம் இங்கயும் நல்ல துப்பு.

முறுக்கு, அதிரசம்னு வந்தா போட்டோ ஏமாத்தும். அதிரசம் மாவு நிலையிலயே வெல்லத்தால பிரவுன், முறுக்கோட சிவப்பு பாதி மிளகாப்பொடி. அதனால பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல, நிறத்த வச்சு சொல்ல முடியாதுன்னு மட்டும்தான் அர்த்தம். காபி இன்னும் தலைகீழ், லேசா வறுத்த கொட்டைலதான் டார்க் ரோஸ்ட்ட விட அதிகம், ஏன்னா வறுக்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல உச்சத்துக்கு போயிட்டு அப்புறம் சிதைஞ்சிடுது.

போட்டோவ பாக்கும்போது முதல்ல தட்ட பாருங்க. வெள்ளத் தட்டு மஞ்சளா தெரிஞ்சா லைட்டோ ஃபில்டரோ வேலைய காட்டியிருக்கு, சிப்ஸும் நிஜத்த விட சிவப்பா தெரியும். ரெண்டு வேற போட்டோவ வச்சு ஒப்பிடுறது வீண், ஒரே போட்டோக்குள்ள ஒரு துண்ட இன்னொண்ணோட ஒப்பிடுங்க. அப்பவும் எத்தன மைக்ரோகிராம்னு எந்த நிறமும் சொல்லாது, அது லேப் வேலை.

மனுஷங்ககிட்ட சாப்பாட்டு வழியா கேன்சர் வருதான்னு பாத்த ஆய்வுகள் இன்னும் ஒரே பக்கமா சாயல, எலிகள்ல வந்ததாலதான் உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அக்ரிலமைட "அநேகமா புற்றுநோய் உண்டாக்கும்"ங்கிற லிஸ்ட்ல வச்சிருக்கு. என் கணக்குக்கு கருத்த சிப்ஸ பொறுக்கி ஒதுக்குனா போதும், அதிரசத்த நிறம் வச்சு எடை போடுறத விட்டுடுங்க.